கண்காணிக்கும் சர்வரே நிரம்பிவிட்டால்

வங்கியின் செயலி, தேர்வு முடிவு வெளியாகும் இணையதளம், மருத்துவமனையின் பதிவேடு என்று நாம் அன்றாடம் தொடும் எல்லாவற்றுக்கும் பின்னால் பல சர்வர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சர்வர்களின் நலம் விசாரிப்பதற்கென்றே தனியாக இன்னொரு சர்வர் இருக்கும். பிராசஸர் எவ்வளவு உழைக்கிறது, மெமரி எவ்வளவு மிச்சம், டிஸ்க்கில் எவ்வளவு இடம், நெட்வொர்க்கில் எவ்வளவு டேட்டா போகிறது என்று சில நொடிகளுக்கு ஒருமுறை எண்களை வாங்கிச் சேர்த்து வைப்பது அதன் வேலை. இந்த எண்களுக்கு மெட்ரிக்ஸ் என்று பெயர். நேரத்தோடு சேர்த்து இவற்றைப் பதிந்துவைக்கும் மென்பொருளை டைம் சீரிஸ் டேட்டாபேஸ் என்கிறார்கள்.

இந்தக் கண்காணிப்புச் சர்வருக்கு ஒரு விசித்திரமான ஆபத்து உண்டு. மற்ற சர்வர்களின் டிஸ்க் நிரம்பினால் எச்சரிக்கை தருவது இதுதான். இதன் டிஸ்க்கே நிரம்பினால் எச்சரிக்கை தர ஆள் இல்லை. புதிய எண்களை எழுத இடமில்லாமல் போகும். திரையில் 50 சர்வர்களின் வரைபடங்களும் ஒரே நிமிடத்தில் அறுந்து நிற்கும். எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் அறுந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த 50 சர்வர்களில் இல்லை, அளந்துகொண்டிருந்த சர்வரில்தான் இருக்கிறது. அதில் `df -h` என்று கொடுத்துப் பார்த்தால் 100% என்று காட்டும். லாகில் `no space left on device` என்ற வரி கிடக்கும்.

ஏன் நிரம்புகிறது என்பதற்கு விடை எளிது: சேர்க்கச் சொன்னவர்கள் கழிக்கச் சொல்லவில்லை. எப்படிக் கழிப்பது என்பதுதான் விஷயம். பரவலாகப் பயன்பட்ட இன்ஃப்ளக்ஸ்டிபி டேட்டாபேஸின் 1.8 பதிப்பை வைத்து அதை முழுதாகப் பார்ப்போம்.

ஒரு நாளைக்கு எவ்வளவு?

50 சர்வர்கள் உள்ள ஒரு கணினி மையத்தை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சர்வரிலும் டெலிகிராஃப் என்ற சிறு மென்பொருள் இருந்து எண்களைத் திரட்டி அனுப்புகிறது. யாரும் மாற்றாதவரை அது 10 நொடிக்கு ஒருமுறை அளக்கும். ஒரு சர்வரிலிருந்து சுமார் 200 வகை எண்கள் வருகின்றன என்று வைத்துக்கொண்டால், 10 நொடிக்கு ஒருமுறை 10,000 எண்கள் வந்து விழும். நொடிக்கு 1,000. ஒரு நாளைக்கு 8 கோடியே 64 லட்சம்.

இன்ஃப்ளக்ஸ்டிபி எண்களை நன்றாகச் சுருக்கித்தான் வைக்கும். ஓர் எண்ணுக்குச் சராசரியாக 3 பைட் என்று கணக்கிடலாம். அப்படிப் பார்த்தாலும் நாளொன்றுக்கு 260 எம்பி, ஆண்டுக்கு 95 ஜிபி. அந்தச் சர்வருக்கு 40 ஜிபி டிஸ்க் கொடுத்து, அதில் 8 ஜிபியை ஆபரேட்டிங் சிஸ்டமும் மற்றவையும் எடுத்துக்கொண்டால், மீதி 32 ஜிபி நான்கு மாதத்தில் தீர்ந்துவிடும்.

நான்கு மாதம் என்பதுதான் இதில் உள்ள பொறி. முதல் வாரத்திலேயே நிரம்பினால் யாராவது கவனிப்பார்கள். நான்கு மாதம் சிக்கலின்றி ஓடிய சர்வரை எல்லோரும் மறந்திருப்பார்கள்.

இன்ஃப்ளக்ஸ்டிபியில் புதிதாக ஒரு டேட்டாபேஸ் உருவாக்கினால் அதற்கு `autogen` என்ற பெயரில் ஒரு ரிடென்ஷன் பாலிசி தானாகவே வந்துவிடும். ரிடென்ஷன் பாலிசி என்பது டேட்டாவை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற விதி. இந்த `autogen` விதி சொல்வது: என்றென்றைக்கும் வைத்திரு. வேறு விதி எழுதாத எந்த இன்ஃப்ளக்ஸ்டிபி சர்வரும் ஒருநாள் நிரம்பியே தீரும். எப்போது என்பது மட்டும்தான் டிஸ்க்கின் அளவைப் பொறுத்தது.

எதை வைத்துக்கொள்வது?

பழையதை அழித்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். 14 நாளுக்கு மேற்பட்டதை அழி என்று ஒரு வரி எழுதினால் டிஸ்க் பிரச்சினை அன்றே தீரும். ஆனால் ஆறு மாதம் கழித்து, "போன தேர்வு சீசனில் எவ்வளவு சுமை வந்தது? இந்த ஆண்டுக்கு இன்னும் சர்வர் வாங்க வேண்டுமா?" என்று மேலாளர் கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது.

பழைய எண்களிடம் நாம் கேட்கும் கேள்வி வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நேற்று இரவு 2 மணிக்கு ஒரு சர்வர் விழுந்தது என்றால் 10 நொடி வாரியாக எண் வேண்டும். எது முதலில் ஏறியது, மெமரியா பிராசஸரா என்று பார்க்க வேண்டும். சென்ற ஏப்ரல் மாதத்துச் சுமையைப் பார்க்கும்போது யாரும் 10 நொடி நுணுக்கம் கேட்பதில்லை. பால்காரர் கணக்கைக் காலண்டரில் தினமும் குறித்துவைக்கும் வீடுகளில், மாதம் முடிந்து பணம் கொடுத்தபின் மிஞ்சுவது மொத்தத் தொகை மட்டுமே. தினக்குறிப்புக்கு அதன் பிறகு வேலை இல்லை.

அந்த மொத்தத்தைப் போடுவதுதான் டவுன்சாம்பிளிங். 5 நிமிடத்துக்குள் வந்த 30 எண்களைச் சுருக்கி ஒன்றோ இரண்டோ எண்ணாக்கி நீண்டகாலம் வைப்பது. மூல எண்களைச் சில நாளில் கழிப்பது. யோசனை புதிதல்ல. 1999இல் டோபியாஸ் ஓட்டிகர் வெளியிட்ட ஆர்ஆர்டிடூல் என்ற மென்பொருள் இதையே அடித்தளமாகக் கொண்டது. அதில் கோப்பை உருவாக்கும்போதே அதன் அளவு நிலைத்துவிடும். புதியது வரவரப் பழையதன்மேல் எழுதப்படும், பழங்காலத்துக்கு நுணுக்கம் குறைந்த சுருக்கம் மட்டும் இருக்கும். ஆகவே அந்தக் கோப்பு வளர்வதே இல்லை. பின்னால் வந்த டேட்டாபேஸ்கள் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, முடிவை நம்மிடம் விட்டன.

நம் கணினி மையத்துக்கு இப்படி முடிவு செய்வோம். 10 நொடி எண்கள் 14 நாள் இருக்கட்டும். 5 நிமிடச் சுருக்கம் ஓர் ஆண்டு இருக்கட்டும். சுருக்கத்தில் ஒவ்வொரு வகைக்கும் சராசரி ஒன்று, உச்சம் ஒன்று என இரண்டு எண்கள். 14 நாள் மூல எண்களுக்கு 3.6 ஜிபி. 5 நிமிடச் சுருக்கம் நாளொன்றுக்கு சுமார் 17 எம்பி, ஆண்டுக்கு 6.3 ஜிபி. சராசரி எண்களில் தசமப் புள்ளிக்குப் பின் நீளமான வால் இருக்கும். அவை அவ்வளவாகச் சுருங்காது. எனவே சுருக்கத்துக்கு இருமடங்கு ஒதுக்கினாலும் மொத்தம் 17 ஜிபிக்குள் அடங்கிவிடும். முக்கியமாக, அதற்குமேல் அது வளராது. கால் பங்கு டிஸ்க் எப்போதும் காலியாக இருப்பது நல்லது, ஏனென்றால் டேட்டாபேஸ் தன் கோப்புகளை அவ்வப்போது ஒன்றுசேர்த்துச் சுருக்குவதற்கும் தற்காலிகமாக இடம் கேட்கும்.

வரிசை மாறக்கூடாது

செய்ய வேண்டியவை நான்கு: நீண்டகால விதியை உருவாக்குவது, இனி வருவதைச் சுருக்க ஏற்பாடு செய்வது, ஏற்கெனவே கிடப்பதைச் சுருக்குவது, கடைசியாகப் பழையதைக் கழிப்பது. கடைசி வேலையை முதலில் செய்தவர்கள் பலர். அவர்களுக்குச் சுருக்குவதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

முதலில் ஓராண்டு விதி:

```
CREATE RETENTION POLICY "one_year" ON "telegraf"
DURATION 366d REPLICATION 1
```

அடுத்தது, டேட்டாபேஸே தானாக ஓட்டும் கண்டினியுவஸ் குவெரி. பிராசஸர் எண்ணுக்கு மட்டும் இங்கே காட்டுகிறோம்:

```
CREATE CONTINUOUS QUERY "cpu_5m" ON "telegraf"
RESAMPLE EVERY 5m FOR 1h
BEGIN
  SELECT mean("usage_user") AS "usage_mean",
         max("usage_user") AS "usage_max"
  INTO "telegraf"."one_year"."cpu"
  FROM "telegraf"."autogen"."cpu"
  GROUP BY time(5m), *
END
```

இதில் இரண்டு இடங்கள் கவனத்துக்குரியவை. ஒன்று, கடைசியில் உள்ள நட்சத்திரக் குறி. ஒவ்வொரு எண்ணோடும் அது எந்தச் சர்வரிலிருந்து வந்தது என்ற அடையாளச்சீட்டு ஒட்டியிருக்கும். நட்சத்திரத்தை விட்டுவிட்டால் 50 சர்வர்களின் எண்களும் ஒரே சராசரியாகக் கலந்துவிடும். குவெரி பிழையின்றி ஓடும், வரைபடமும் வரும், எந்தச் சர்வருடையது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, `RESAMPLE` என்ற வரி. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு 5 நிமிடத் துண்டும் ஒரே ஒருமுறைதான் கணக்கிடப்படும். நெட்வொர்க் தடைப்பட்டு எண்கள் தாமதமாக வந்து சேர்ந்தால் அவை சுருக்கத்தில் சேராது. இந்த வரி கடந்த ஒரு மணி நேரத்தை ஒவ்வொரு முறையும் மறுபடி கணக்கிட்டுப் பழைய விடையின்மேல் எழுதிவிடுகிறது. ஒரு மணி நேரம்வரையிலான தாமதத்தை அது தாங்கும். அதற்குமேல் போனால் அந்தத் துண்டைக் கையால்தான் சுருக்க வேண்டும்.

கண்டினியுவஸ் குவெரி இனி வருவதை மட்டுமே பார்க்கும். டிஸ்க்கில் கிடக்கும் பழைய மாதங்களைச் சுருக்க, மேலே `BEGIN`, `END` இரண்டுக்கும் நடுவில் உள்ள அதே `SELECT` வரிகளை ஒருமுறை நேரடியாக ஓட்ட வேண்டும். அதில் `WHERE` சேர்த்து ஒவ்வொரு வாரமாக ஓட்டுவது நல்லது. நான்கு மாதத்தையும் ஒரே மூச்சில் சுருக்கச் சொன்னால் மெமரி போதாமல் டேட்டாபேஸே விழுந்துவிடக்கூடும்.

சுருக்கம் வந்துவிட்டதா என்று ஓராண்டு விதியின்கீழ் தேடிப் பார்த்து, பழைய தேதி ஒன்றின் சராசரியை மூல எண்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபின்தான் இந்த வரி:

```
ALTER RETENTION POLICY "autogen" ON "telegraf"
DURATION 14d SHARD DURATION 1d
```

இதைக் கொடுத்தால் பழைய மாதங்கள் விரைவில் மறைந்துவிடும். காலாவதியானதைத் தேடும் வேலை 30 நிமிடத்துக்கு ஒருமுறை நடக்கும். ஆகவே அரைமணி நேரத்தில் பல ஜிபி விடுபடும். மனம் மாறினால் மீட்க வழியில்லை. வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுத்துவைத்திருந்தால் மட்டுமே உண்டு.

14 நாள் என்றால் 14 நாளா?

கட்டளை கொடுத்த மறுநாள் பார்த்தால் 18, 19 நாள் பழைய எண்கள் சில இன்னும் இருக்கும். பிழை என்று பதற வேண்டாம். இன்ஃப்ளக்ஸ்டிபி எண்களைத் தனித்தனியாக அழிப்பதில்லை. குறிப்பிட்ட காலத்துக்குரிய எண்களையெல்லாம் ஷார்டு என்ற ஒரு தொகுதியில் வைக்கிறது. காலவரம்பு இல்லாத `autogen` விதியில் ஒரு ஷார்டு என்பது 7 நாள். அந்தத் தொகுதியின் கடைசி நாளும் காலாவதியான பின்புதான் தொகுதி முழுவதும் அகற்றப்படும். ஆகவே பழைய ஷார்டுகள் தீரும்வரை 21 நாள் பழைய எண்கள்கூட இருக்கலாம். புதிய ஷார்டுகள் 1 நாள் அளவில் உருவாவதால், போகப்போக இந்தக் கூடுதல் ஒரு நாளுக்குள் வந்துவிடும்.

தொகுதியாக அழிப்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. இறுக்கிச் சுருக்கிய கோப்பின் நடுவிலிருந்து சில எண்களைப் பிடுங்குவது பெரிய வேலை. கோப்பையே தூக்கிவிடுவது நொடியில் முடியும். டிஸ்க் நிரம்பிய அவசரத்தில் `DELETE` கட்டளை கொடுத்துவிட்டு இடம் விடுபடவில்லையே என்று திகைப்பவர்களுக்கும் இதுதான் விளக்கம். `DELETE` அந்த எண்களின்மீது அழிந்தவை என்று ஒரு குறி மட்டும் போடும். கோப்பு பின்னால் மறுபடி எழுதப்படும்போதுதான் இடம் கிடைக்கும். அப்படி எழுதவும் இடம் வேண்டும். அவசரத்துக்கு உதவுவது `SHOW SHARDS` கொடுத்து மிகப் பழைய தொகுதியின் எண்ணைக் கண்டுபிடித்து `DROP SHARD` கொடுப்பதுதான். அந்த வாரத்து எண்களை இழக்கிறோம் என்று தெரிந்தே செய்ய வேண்டிய வேலை அது.

சராசரி மறைப்பது

இடப் பிரச்சினை தீர்ந்தது. இனி உண்மைப் பிரச்சினை ஒன்று பாக்கி இருக்கிறது. ஒரு 5 நிமிடத்தில் 30 அளவுகள் வருகின்றன. அவற்றில் 27 அளவுகள் 20%. ஓர் அரை நிமிடம் மட்டும் பிராசஸர் திணறி 3 அளவுகள் 100% காட்டின. சராசரி 28%. ஆறு மாதம் கழித்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கு எந்தத் திணறலும் தெரியாது. சர்வர் சும்மா இருந்தது என்றே நினைப்பார். அந்த அரை நிமிடத்தில் எத்தனையோ பேரின் பக்கம் திறக்காமல் போயிருக்கும். அதனால்தான் சராசரியோடு உச்சத்தையும் வைத்தோம். ஒரே எண்ணுக்குத்தான் இடம் என்றால், சுமையைப் பொறுத்தவரை சராசரியை விட்டு உச்சத்தை வைப்பதே மேல்.

உச்சமும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. காலியாக உள்ள மெமரி, டிஸ்க்கில் மிச்சமுள்ள இடம் போன்றவற்றில் ஆபத்து அடியில் இருக்கிறது. அவற்றுக்கு வைக்க வேண்டியது `min`. நெட்வொர்க் கார்டு இதுவரை பெற்ற மொத்த பைட் என்பது ஏறிக்கொண்டே போகும் எண். அதன் சராசரிக்கு எந்தப் பொருளும் இல்லை. ஒவ்வொரு துண்டின் கடைசி எண்ணை, அதாவது `last`ஐ வைத்தால், பின்னால் இரண்டு எண்களின் வித்தியாசத்திலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். சர்வரை மறுபடி இயக்கும்போது இந்த எண் பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதால் வித்தியாசம் எடுக்க `non_negative_derivative` பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் வரைபடம் திடீரென்று பாதாளத்துக்குப் பாயும்.

நூறில் 95 பேருக்குப் பக்கம் எத்தனை நொடிக்குள் திறந்தது என்பது போன்ற அளவுகளை மட்டும் பின்னால் சராசரி எடுக்கவே கூடாது. 9,000 பேர் வந்த துண்டும் 100 பேர் வந்த துண்டும் அங்கே சம எடை பெற்றுவிடும். வரும் விடை யாருடைய அனுபவமும் அல்ல.

திரையில் ஒன்றுமில்லையே?

எல்லாம் சரியாக முடிந்தபின் பலருக்கு வரும் அதிர்ச்சி ஒன்று உண்டு. கிராஃபானாவில் மூன்று மாதத்துக்கு முந்தைய தேதியைத் தேர்ந்தால் வரைபடம் வெறுமையாக நிற்கும். சுருக்கம் அழிந்துவிடவில்லை. விதியின் பெயரைச் சொல்லாமல் கேட்கும் எந்தக் கேள்வியும் இயல்பு விதியான `autogen`இல்தான் தேடும். அங்கே 14 நாளுக்குமேல் ஒன்றும் இல்லை. `"one_year"."cpu"` என்று விதியின் பெயரைச் சேர்த்துக் கேட்க வேண்டும். எண்ணின் பெயரும் `usage_max` என்று மாறியிருப்பதை மறக்கக் கூடாது. அண்மைக்கு ஒரு பலகை, ஆண்டுக்கு ஒரு பலகை என்று இரண்டு வைத்துக்கொள்வது நடைமுறைக்கு எளிது.

வேறு டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கு விதிகள் மாறும். இன்ஃப்ளக்ஸ்டிபி 2இல் ரிடென்ஷன் பாலிசிக்குப் பதில் பக்கெட்டுக்கே காலவரம்பு தரப்படுகிறது. சுருக்கும் வேலையை டாஸ்க் செய்கிறது. பிரொமீதியஸ் இதற்கு நேர்மாறு. ஒன்றும் சொல்லாவிட்டால் அது 15 நாளில் பழையதைக் கழித்துவிடும். `--storage.tsdb.retention.size` மூலம் இத்தனை ஜிபிக்குமேல் போகாதே என்றும் சொல்லலாம். ஆனால் சுருக்கி வைக்கும் வசதி அதில் இல்லை. அதற்காகத் தானோஸ் போன்ற துணை மென்பொருளைச் சேர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தானோஸ் சுருக்கத்தைத் தயாரிப்பது நீண்டகால வரைபடங்கள் சீக்கிரம் வருவதற்காக. மூல எண்களுக்குத் தனியாகக் காலவரம்பு வைக்காவிட்டால் சுருக்கமும் மூலமும் சேர்ந்து இடம் கூடத்தான் செய்யும்.

எந்த மென்பொருளானாலும் ஒரு காவல் பாக்கி இருக்கிறது. கண்காணிப்புச் சர்வரின் டிஸ்க்கை அதே சர்வர் பார்த்துக்கொள்வது போதாது. வேறொரு கணினியிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை, கடைசியாக எண் எப்போது பதிவானது என்று கேட்கும் சிறு நிரல் ஒன்று இருக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ பழைய நேரம் வந்தாலோ அது குறுஞ்செய்தி அனுப்பட்டும்.

உங்கள் பொறுப்பில் இன்ஃப்ளக்ஸ்டிபி சர்வர் ஒன்று இருந்தால் இன்றே `SHOW RETENTION POLICIES ON "telegraf"` என்று, உங்கள் டேட்டாபேஸின் பெயரை வைத்துக் கொடுத்துப் பாருங்கள். `duration` என்ற பத்தியில் `0s` என்று இருந்தால் பூஜ்ய நொடி என்று படிக்காதீர்கள். அதற்குப் பொருள், ஒருநாளும் அழிக்காதே என்பது. அப்படி இருந்தால் ஒரு நாளைக்கு எத்தனை எம்பி ஏறுகிறது என்று பார்த்து, மிச்சமுள்ள இடத்தை அதால் வகுத்துக்கொள்ளுங்கள். வருகிற விடைதான் உங்களுக்கு மிச்சமுள்ள நாட்கள். அதற்குள் முதலில் சுருக்குங்கள், பிறகு கழியுங்கள்.